விளம்பர நாயின் மினுமினுப்பும் மூன்று கிலோ பையும்

கேள்வி: சேலத்தில் ஒரு கடையில், காப்பிச் செடிகளுக்கு நடுவே அமர்ந்து நம் கண்ணையே பார்க்கும் கறுப்பு நாயின் விளம்பரத்தைக் கண்டேன். அதன் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக மின்னியது. 'ஆறே வாரத்தில் மினுமினுக்கும் ரோமம்' என்று எழுதியிருந்தது. 3 கிலோ பையை 900 ரூபாய்க்கு வாங்கி, 15 கிலோ எடையுள்ள எங்கள் நாட்டு நாய்க்குத் தினமும் ஒரு கைப்பிடி வீதம் தயிர்ச்சோற்றில் கலந்து 50 நாள் கொடுத்தேன். மாற்றமே இல்லை. விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை மகள் பிறகு படித்துக் காட்டினாள்: 'தினமும் இதை மட்டுமே உணவாகக் கொடுத்தால்.' பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: பணம் திரும்பக் கிடைப்பது கடினம், ஆனால் அந்த விளம்பரத்தின் மீது புகார் கொடுக்க உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் படத்தை ஒதுக்கிவிடுவோம். குளிப்பாட்டிச் சீவிய நாயைத் தாழ்ந்த வெயிலுக்கு முன்னால் உட்காரவைத்து, பக்கவாட்டிலோ பின்புறத்திலோ ஒளி விழும்படி படமெடுத்தால், முடியின் ஓரங்கள் தனித்தனி இழைகளாக மின்னும். குட்டையான கறுப்பு ரோமத்தில் இது இன்னும் எடுப்பாகத் தெரியும். நாய் நம்மைப் பார்ப்பதும் அப்படித்தான்: கேமராவுக்குச் சற்று மேலே ஒரு தின்பண்டத்தைப் பிடித்தால் அதன் கண் அங்கேயே நிலைத்துவிடும். (உங்கள் ஊர் மூடுபனியில் எந்த நாயும் அப்படி மின்னாது.) அழகான படம் மட்டும் வாக்குறுதி ஆகாது. 'ஆறே வாரத்தில்' என்ற சொற்கள் வாக்குறுதிதான்.

இனி உங்கள் பையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 3 கிலோ 50 நாள் வந்திருக்கிறது என்றால், நாளொன்றுக்கு 60 கிராம் கொடுத்திருக்கிறீர்கள். இத்தகைய உலர் உணவை மட்டுமே உண்ணும் 15 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கிராம் வரை தேவைப்படும். சரியான அளவு பையின் பின்புற அட்டவணையில் இருக்கும். 220 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஆறு வாரத்துக்கு 9 கிலோவுக்குச் சற்று அதிகமாக, அதாவது நான்காவது பையையும் பிரிக்கும் அளவுக்கு வேண்டும். செலவு 3,600 ரூபாய். உங்கள் நாய்க்குத் தினமும் கிடைத்தது தேவையான அளவில் கால்பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மீதி வயிற்றைச் சோறு நிரப்பியது. முடியின் பளபளப்புக்குப் பெரிதும் உதவுபவை போதுமான புரதமும், லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பும், துத்தநாகமும். தயிர்ச்சோற்றில் இவை குறைவு. மேலும், ஏற்கெனவே வளர்ந்துவிட்ட முடி உயிரற்றது. தோலில் சுரக்கும் எண்ணெய் மாறி, புது முடி முளைத்து வந்தால்தான் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். ஆகவே நிறுவனம் விதித்த நிபந்தனையை நீங்கள் நிறைவேற்றவில்லை என்று எதிர்த்தரப்பு எளிதாகச் சொல்லிவிடும். பணத்தைக் கேட்பதில் உள்ள பலவீனம் இதுதான்.

ஆனால் அந்த நிபந்தனை எங்கே, எப்படி எழுதப்பட்டிருந்தது என்பது வேறு விஷயம். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரம் என்றே கருதுகிறது. 2022இல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் இன்னும் தெளிவானவை: விளம்பரத்தின் உரிமைகோரல் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியிலும் அதே எழுத்துருவிலும், கண்ணில் படும் இடத்திலும் நிபந்தனை இருக்க வேண்டும். வாக்குறுதியைத் தமிழில் பெரிதாகவும் நிபந்தனையை ஆங்கிலத்தில் பொடியாகவும் போட்டது இதற்கு நேர்மாறானது. ஒரு பையை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு நான்கு பை வேண்டியிருக்கும் என்பது முக்கியமான தகவல் அல்லாமல் வேறென்ன?

எனவே அந்த விளம்பரம் கடையில் இருக்கும்போதே, அடிவரி படிக்கும்படி கிட்டத்திலிருந்து ஒன்றும் முழுதாக ஒன்றும் படமெடுத்து, தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ரசீதையும் பையின் பின்புறப் படத்தையும் சேர்த்துச் சேலம் மாவட்ட ஆட்சியருக்கே எழுத்தில் அனுப்பலாம்; தவறான விளம்பரம் குறித்த புகாரை அவரிடம் கொடுக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். புகாரில் 'நாய் மின்னவில்லை' என்று தொடங்காதீர்கள். 'நிபந்தனை தமிழில் இல்லை, வாக்குறுதியின் அளவில் இல்லை' என்று தொடங்குங்கள். நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமே வராது.

உங்கள் நாய் அடிக்கடி சொறிந்தாலோ, முடி திட்டுத்திட்டாக உதிர்ந்தாலோ அது உணவுக் குறை அல்ல, உண்ணியோ சொறிப்பூச்சியோ ஆக இருக்கக்கூடும். இன்னொரு பை வாங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.