கிளறிய முட்டையும் முட்டைப் பொரியலும்: கேள்வி பதில்

நல்லூர் வாசகி: மெல்லிய நெருப்பில்தான் கிளறுகிறேன், அக்கா. ஆனாலும் கோப்பையில் போட்ட பிறகு தண்ணீர் விடுகிறதே?

நெருப்பில் குறையில்லை, தங்கச்சி; இறக்கும் நேரம்தான் பிந்துகிறது. முட்டையின் புரதம் சூட்டில் வலைபோலப் பின்னி நீரைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். சூடு மிஞ்சினால் அந்த வலை இறுகி, பிடித்த நீரை வெளியே பிழிந்துவிடும். 3 முட்டைக்கு ஒரு தேக்கரண்டி பட்டரை உருக்கி, அது நிறம் மாறுமுன் முட்டையை ஊற்றி, மரக்கரண்டியால் அடியை வழித்துக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றும் நடவாததுபோல் தோன்றும். பிறகு அடியில் சிறு கட்டிகள் திரளும். கரண்டி போன தடத்தில் தாச்சியின் அடி தெரிந்து, ஈரம் மெதுவாக வந்து அதை மூடும்போது நெருப்பை அணைத்து, உடனே கோப்பைக்கு மாற்றுங்கள். அணைத்த பிறகும் தாச்சியின் சூடு முட்டையை அவித்துக்கொண்டே இருக்கும்.

சாவகச்சேரி வாசகர்: உப்பை முதலில் போட்டால் முட்டை நீர்த்துவிடும், கடைசியில்தான் போட வேண்டும் என்பார் அம்மா.

அடித்த முட்டை நீர்த்துத் தெரியும் என்பது சரி. ஆனால் கால் மணி நேரம் முன்பே உப்பிட்ட முட்டையின் புரதங்கள் ஒன்றோடொன்று அவ்வளவு இறுகாததால், வெந்த பிறகு அதுவே மென்மையாக இருக்கும். நீரும் குறைவாகவே விடும்.

கோப்பாய் வாசகி: நான் அப்படி ஊற வைத்தேன். தண்ணீர்தான் மிதந்தது.

வெங்காயத்தையும் சேர்த்து ஊற வைத்தீர்களா?

கோப்பாய் வாசகி: ஓம், பச்சை மிளகாயும் போட்டேன்.

அது வெங்காயத்தின் நீர். உப்பு அதை இழுத்துவிடும். வெங்காயத்தைத் தனியே வதக்கி ஆறவிட்டுச் சேருங்கள்.

சாவகச்சேரி வாசகர்: வதக்கினால் அது எங்கள் ஊர் முட்டைப் பொரியலே இல்லை. பச்சை வெங்காயம் பல்லில் கடிபட வேண்டும்.

முட்டைப் பொரியலுக்கு அதை ஏற்கிறேன். பொடியாக அரிந்து, ஊற்றுவதற்குச் சற்று முன் போட்டால் நீர் விட நேரம் இராது. மென்மையாகக் கிளறும் முட்டைக்கு ஏற்கமாட்டேன்.

சாவகச்சேரி வாசகர்: நான் இரண்டுக்கும் பச்சையாகத்தான் போடுவேன்.

மானிப்பாய் வாசகர்: முட்டைப் பொரியல் வெளியே கருகி, உள்ளே வழிகிறது.

எண்ணெய் புகையுமளவு காய்ந்துவிட்டது. ஒரு துளி முட்டையை விட்டால் அது உடனே சலசலத்து வெளுக்க வேண்டும். பழுப்பானால் சூடு அதிகம். ஊற்றியதும் வெந்த ஓரத்தை நடுவுக்கு இழுத்து, தாச்சியைச் சரித்து, மேலே நிற்கும் பச்சை முட்டையை அந்த வெற்றிடத்துக்கு ஓடவிடுங்கள். மேலே ஓடுவதற்கு ஒன்றும் இல்லாதபோது நெருப்பைக் குறைத்து மூடினால், கருகாமல் முழுதும் இறுகும்.

பருத்தித்துறை வாசகி: முட்டையை எத்தனை நிமிடம் கிளற வேண்டும் என்று சொல்லவில்லையே?

தாச்சியின் தடிப்பும் நெருப்பும் வீட்டுக்கு வீடு வேறு. முதற்பதிலில் சொன்ன தடத்தைப் பாருங்கள்.

உரும்பிராய் வாசகர்: முட்டை அப்பத்துக்கு மா எப்படிப் புளிக்க வைப்பது?

அதை அப்பம் சுடுபவரிடம் கேளுங்கள்.

சுன்னாகம் வாசகி: மகள் கர்ப்பமாக இருக்கிறாள். மென்மையாகக் கிளறியதைக் கொடுக்கலாமா?

வேண்டாம். சால்மொனெல்லா கிருமிக்காக, ஈரப் பளபளப்பு முற்றிலும் மறையும்வரை கிளறிக் கொடுங்கள். சிறு பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் அப்படித்தான். இறுகியதும் தாச்சியில் விட்டுவைக்காமல் கோப்பைக்கு மாற்றுங்கள். இல்லையேல் அதுவும் தண்ணீர் விடும்.