மார்க்கர் பூசிய ஷூவும் பேசாத வாயும்

கேள்வி: அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா தறி ஓட்டுகிறார். வீட்டில் நான்தான் முதலில் படித்தவன். சி.ஏ. முடித்துச் சென்னையில் ஒரு ஆடிட் நிறுவனத்தில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. 800 ரூபாய் ஷூ உரிந்துபோனதால் கருப்பு மார்க்கர் பூசி, காலை மேசைக்கடியில் மறைத்துக்கொள்கிறேன். என் இங்கிலீஷைக் கேட்டு ஒருவர் சிரித்ததிலிருந்து கூட்டங்களில் பேசுவதே இல்லை. எல்லாவற்றையும் மெயிலில் எழுதி அனுப்பிவிடுகிறேன். வெளியே தெரியாமல் எப்படிச் சமாளிப்பது?
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, முதலில் அந்த மார்க்கரைத் தூக்கிப் போடுங்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில் அது ஊதாவாக மினுங்கும். என் முதல் வேலையில் நானும் பூசியவன்தான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அலுவலகப் பையன்தான் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

உங்கள் ஷூ ரெக்சின். துணிமேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் அது. நடக்கும்போது விரல் மடங்கும் இடத்தில் படலம் வெடித்து உரியும். எத்தனை முறை பாலிஷ் போட்டாலும் அது திரும்ப ஒட்டாது. தோலும் அதே இடத்தில் சுருங்கத்தான் செய்யும், ஆனால் உரியாது. கிரீம் தடவினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒரே ஒரு ஜோடி, கருப்பு, லேஸ் வைத்தது, பூவேலை இல்லாதது வாங்குங்கள். ஏறக்குறைய 2,500 முதல் 3,000 ரூபாய் ஆகலாம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போகிறவர்கள் இருந்தால் அங்குள்ள கடைகளில் விலை கேட்டுவரச் சொல்லுங்கள். லேஸ் துளையை ஒட்டிய வெட்டு விளிம்பைக் கவனியுங்கள். நார் நாராக இருந்தால் தோல். கீழே நெசவுத்துணி, மேலே படலம் என்று இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் ரெக்சின். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாலையில் போய் வாங்குங்கள், கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும்.

வாங்கிய ஷூவோடு பஸ்ஸில் ஏறாதீர்கள். செருப்பில் போய், அலுவலக டிராயரில் இருக்கும் ஷூவை மாட்டிக்கொள்ளுங்கள். பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். நனைந்துவிட்டால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும். பருத்தி சாக்ஸ் மூன்று ஜோடி, தோள்பட்டைத் தையல் தோளில் சரியாக உட்காரும் சட்டை. தோற்றத்துக்கு இவ்வளவு போதும்.

பேச்சு விஷயம் வேறு. மன்றோ, டெர்விங் என்ற இரு ஆய்வாளர்கள் 1995-இல் ஒன்றைக் காட்டினார்கள். வேற்றுமொழிக்காரர்கள் பேசிய இங்கிலீஷில், கேட்டவர்கள் 'கனமான உச்சரிப்பு' என்று மதிப்பெண் போட்ட பேச்சையே, பல நேரம் ஒரு சொல் விடாமல் சரியாக எழுதியும் காட்டினார்கள். ஊர் வாடை வருவது ஒன்று, புரியாமல் போவது இன்னொன்று. முதலாவதை விட்டுவிடுங்கள். இரண்டாவதில் உங்கள் தொழிலுக்கு ஆபத்தான இடம் எண்கள்தான். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் நாம் ஒரே அழுத்தத்தில் சொல்லிவிடுவோம். 15 லட்சம் எதிரே இருப்பவர் காதில் 50 லட்சமாகிவிடும். முன்னதில் 'டீன்' நீண்டு அழுந்த வேண்டும். பின்னதில் 'ஃபிஃப்' அழுந்தி 'டி' சட்டென்று முடிய வேண்டும். அதோடு இலக்கத்தையும் சேர்த்துவிடுங்கள்: "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ், லாக்ஸ்." விமானிகள்கூட ஒன்பதை 'நைனர்' என்றுதான் சொல்கிறார்கள், தவறாகக் கேட்டுவிடக் கூடாதென்று.

மெயிலில் மட்டும் பேசுவதுதான் உங்களுக்கு உண்மையான நஷ்டம். கண்டுபிடித்தது நீங்கள், கூட்டத்தில் அதைச் சொல்வது வேறொருவர் என்றாகிவிடும். முந்தைய இரவு ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, முதல் வாக்கியத்தை மட்டும் மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "மூன்று கடனாளிகளிடமிருந்து பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் வரவில்லை, மொத்தம் 15 லட்சம்" என்பதன் இங்கிலீஷ் வடிவம். கூட்டம் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் தொண்டை கட்டிக்கொள்ளும். யாராவது சிரித்தால், "எண் சரியாகக் கேட்டதா?" என்று மட்டும் கேளுங்கள். அதே ஆள் வாடிக்கையாளர் முன்னால் திரும்பத் திரும்பக் கேலி செய்தால் அதை உச்சரிப்பைத் திருத்திச் சரிசெய்ய முடியாது. தேதியோடு குறித்துவைத்துப் பார்ட்னரிடம் சொல்லுங்கள்.

அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், "தறி ஓட்டுகிறார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள். ஒளித்தால் ஒவ்வொரு மதியச் சாப்பாட்டிலும் அந்தப் பொய்யை நினைவில் வைத்திருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்துக்கு ஏதாவது ஜவுளி மில் வாடிக்கையாளராக இருந்தால், இருப்புக் கணக்கு எடுக்கப் போகும் குழுவில் உங்களையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பாவு எது, ஊடை எது, எவ்வளவு நூலுக்கு எவ்வளவு கழிவு நியாயம் என்று அந்தக் குழுவில் வேறு யாருக்குத் தெரியும்?