படத்தில் வராத புலிகள்

அன்புள்ள ஐயா,

2018 புலிக் கணக்கெடுப்பு அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கேமராவில் பதிவான புலிகள் 2,461. ஆனால் நாட்டில் மொத்தம் 2,967 என்கிறார்கள். படமே எடுக்காத 506 புலிகளை எப்படி எண்ணினார்கள்? பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும் முறை என்று ஒன்று உண்டு என்றார் நண்பர். ஆனால் புலியை யாரும் பிடிக்கவில்லையே! கடைசியில் இது குத்துமதிப்புதானா?

செந்தில், கோவை

அன்புள்ள செந்தில்,

உங்கள் நண்பர் சொன்னது சரிதான். மீனுக்குத் துடுப்பில் அடையாளம் குத்துவார்கள், பறவைக்குக் காலில் வளையம் மாட்டுவார்கள். புலிக்கு அந்த வேலை மிச்சம். பிறக்கும்போதே உடம்பில் வரி இருக்கிறது, ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு வராது. அதனால் படம் எடுப்பதே பிடிப்பது. அதே புலி இன்னொரு நாள் கேமரா முன்னால் வந்தால் மறுபடி பிடித்தாயிற்று. 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் இதைச் செய்து காட்டினார்.

கணக்கைச் சின்ன எண்களில் பார்ப்போம். ஒரு காட்டில் முதல் சுற்றில் 12 வெவ்வேறு புலிகள் படத்தில் வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சுற்றில் 15. அந்த 15-இல் 9 ஏற்கெனவே பார்த்தவை, அதாவது ஐந்தில் மூன்று பங்கு. அப்படியானால் காட்டிலுள்ள புலிகளிலும் ஐந்தில் மூன்று பங்குதான் முதல் சுற்றில் அகப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பங்கு 12 என்றால் முழுக்கணக்கு 20.

N = 12 × 15 / 9 = 20

இரண்டு சுற்றிலும் சேர்த்து நாம் கண்ணால் பார்த்தது 18 புலிகளைத்தான். மீதி இரண்டு எந்தப் படத்திலும் இல்லை. நீங்கள் கேட்ட 506-இல் ஒரு பகுதி இந்த வகை.

குத்துமதிப்பா என்றால், இல்லை. ஆனால் சில அனுமானங்களின் மேல் நிற்கும் கணக்கு. அவை பொய்த்தால் விடையும் சாயும். எந்தப் பக்கம் சாயும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம், அதுதான் இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம்.

முதலில் அடையாளம். மேலே சொன்ன 9 புலிகளில் இரண்டைப் பழையவை என்று கண்டுபிடிக்கத் தவறி, புதிது என்று எழுதிவிட்டோம் என்று வையுங்கள். கீழே 9 இருந்த இடத்தில் 7 வரும். விடை கிட்டத்தட்ட 26. இரண்டே படங்களைச் சரியாகப் பொருத்தாததால் காட்டில் ஆறு புலிகள் கூடிவிட்டன! புலிக்கு இடது விலாவில் ஒரு வரி, வலது விலாவில் வேறு வரி. ஒரு பக்கம் மட்டும் பதிவானால் ஒரே புலி இரண்டு புலியாகிவிடும். அதனால்தான் பாதையின் இருபுறமும் எதிரெதிரே கேமராக்களைக் கட்டுகிறார்கள். வரிகளை ஒப்பிட மென்பொருள் உண்டு, ஆனால் கடைசியில் மனிதக் கண்தான் சரிபார்க்கிறது. அந்தக் கண்ணையும் சோதித்திருக்கிறார்கள். வளர்ப்பிடங்களில் இருந்த, யார் யார் என்று முன்பே தெரிந்த பனிச்சிறுத்தைகளின் படங்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வில், அடையாளப் பிழையால் எண்ணிக்கை சராசரியாக மூன்றில் ஒரு பங்கு கூடிப்போனது. புலியின் வரி அதைவிடத் தெளிவு என்பது ஒரு ஆறுதல்.

அடுத்தது, எல்லாப் புலிக்கும் அகப்படும் வாய்ப்பு ஒன்றே என்ற அனுமானம். இது எந்தக் காட்டிலும் முழுக்க உண்மையாக இருக்காது. பெரிய ஆண்புலி வண்டிப்பாதையில் ராஜநடை போட்டுக்கொண்டு கேமரா கேமராவாகத் தாண்டும். குட்டி வைத்திருக்கும் பெண்புலி சிறிய வட்டாரத்துக்குள்ளேயே சுற்றும், அதன் வழியில் கேமராவே இல்லாமலும் போகலாம். உண்மையில் 20 புலிகள் இருக்கின்றன என்று கொள்வோம். பத்துப் புலிகள் ஒரு சுற்றில் அகப்பட 80 சதவீத வாய்ப்பு, மற்ற பத்துக்கு 20 சதவீதம்தான். ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக முதல் வகையில் 8, இரண்டாம் வகையில் 2, ஆக 10 புலிகள் படத்தில் வரும். இரண்டு சுற்றிலும் வருபவை சராசரியாக 6.8. கணக்கு போட்டால் 100 / 6.8, அதாவது 15 கூட வராது. வந்ததே திரும்பத் திரும்ப வருவதால், எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்ற மயக்கம் உண்டாகிறது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. பிளாஷ் வெளிச்சத்தில் மிரண்ட புலி அந்தப் பாதையைத் தவிர்க்க ஆரம்பித்தால், மறுபடி அகப்படுபவை குறையும், எண்ணிக்கை ஊதிப்போகும். நேபாளத்தின் பர்தியாவில் புலிகள் இப்படிக் கேமராவைத் தவிர்ப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? நடைமுறையில் இரண்டு சுற்றோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு நாளையும் ஒரு சுற்றாக வைத்து, ஒவ்வொரு புலிக்கும் ஒரு எண் வரிசை எழுதுகிறார்கள்:

```
புலி 1   0 1 1 0 1 0 1 1
புலி 2   0 0 0 0 0 1 0 0
புலி 3   1 0 0 0 0 0 0 0
```

வந்த நாள் 1, வராத நாள் 0. சில புலிகள் பத்துப் பதினைந்து முறை, நிறையப் புலிகள் ஒரே முறை என்று பட்டியல் இருந்தால் வாய்ப்பு சமமில்லை என்று தெரிந்துவிடும். அதற்கேற்ற கணித மாதிரியைப் பயன்படுத்துவார்கள். ஒரே முறை வந்த புலிகள் எத்தனை என்பதிலிருந்து, ஒரு முறை கூட வராதவை எத்தனை இருக்கலாம் என்று ஊகிக்க வழி உண்டு.

மூன்றாவது, கணக்கெடுப்பு முடியும்வரை கூட்டம் மாறக்கூடாது. யாரும் சாகவும் கூடாது, வெளியிலிருந்து வரவும் கூடாது. புலிகளிடம் இதைச் சொல்ல முடியாதே, அதனால் ஒன்றரை இரண்டு மாதத்துக்குள் வேலையை முடிக்கிறார்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, 20 என்று வந்தது. எத்தனை சதுர கிலோமீட்டருக்கு 20? பலரும் தாண்டிப்போகும் கேள்வி இது. கேமரா கட்டிய இடத்தோடு புலியின் எல்லை முடிவதில்லை. முதுமலையில் படமான புலி பந்திப்பூரிலும் உலாவும். முன்பெல்லாம் கேமராக்களைச் சுற்றி ஒரு பட்டையை உத்தேசமாகச் சேர்த்து, மொத்தப் பரப்பால் வகுத்தார்கள். பட்டையின் அகலத்தை மாற்றினால் அடர்த்தியும் மாறியது. இப்போது எந்தப் புலி எந்தக் கேமராவில் வந்தது என்ற இடவிவரத்தையே கணக்குக்குள் கொண்டுவருகிறார்கள். ஒரு புலி நடமாடும் மையத்திலிருந்து தூரம் கூடக்கூட அகப்படும் வாய்ப்பு குறையும், அந்தக் குறைவையும் தரவிலிருந்தே கணிக்கிறார்கள். ஓரத்தில் சுற்றும் புலி ஏன் குறைவாக வந்தது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

இனி அந்த 506. கேமரா கட்டிய காடுகளில் இருந்தும் படத்தில் வராத புலிகள் அதில் ஒரு பகுதி. அதற்கு மேலே சொன்னதுதான் கணக்கு. இன்னொரு பகுதி கேமராவே வைக்காத காடுகளுக்கானது. அங்கே காலடி, எச்சம், இரை விலங்குகள், காட்டின் தன்மை ஆகியவற்றைக் கேமரா வைத்த காடுகளோடு ஒப்பிட்டு எண்ணிக்கையை நீட்டிக்கிறார்கள். விஞ்ஞானிகளிடையே சண்டை வலுப்பதும் இதில்தான். கரந்த் உள்ளிட்டோர் இந்த நீட்டிப்பின் அடிப்படையையே 2015இல் கேள்வி கேட்டு எழுதினார்கள். என்னைக் கேட்டால், முதல் பகுதியை ஓரளவு நம்பலாம், இரண்டாவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வேன். அந்த அறிக்கையிலேயே 2,967-க்குப் பக்கத்தில் 2,603 முதல் 3,346 வரை என்று பிழை வரம்பும் அச்சாகியிருக்கிறது. செய்திகளில் பெரும்பாலும் நடு எண் மட்டும்தான் வந்தது.