விளம்பரத்தில் 12 லட்சம், போனில் பத்தரை லட்சம்: ரெக்ரூட்டரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் ஆறு வருட அனுபவம். இப்போது பிடித்தங்களுக்கு முன் மாதம் 70,000 ரூபாய் வாங்குகிறேன். ஒயிட்ஃபீல்டில் வேலை, 12 முதல் 14 லட்சம் என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். ரெக்ரூட்டர் போன் செய்து "பத்தரை லட்சம், எலக்ட்ரானிக் சிட்டி" என்கிறார். வியாழக்கிழமை முதல் ரவுண்டு. இப்போதே சம்பளம் பேசினால் விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

பதில்: வியாழக்கிழமைக்கு முன்பே கேளுங்கள். இரண்டு ரவுண்டு முடிந்த பிறகு இதே கேள்வியைக் கேட்டால் பேரம் பேசுவது போல இருக்கும். இப்போது கேட்டால் விவரம் கேட்பதாகத்தான் தெரியும். ரெக்ரூட்டருக்கும் இதுவே நல்லது. கடைசியில் சம்பளத்தில் முட்டிக்கொண்டு நீங்கள் விலகினால் அவருடைய மூன்று வார வேலையும் வீண்.

ஆனால் "எது உண்மை?" என்று கேட்காதீர்கள். அவர் பொய் சொன்னார் என்ற தொனி வந்துவிடும். பெரும்பாலும் பொய்யாகவும் இருக்காது. இரண்டு எண்களும் இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கலாம். "பத்தரை" என்ற சொல் ஃபிக்ஸட் சம்பளமா, கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகையான சிடிசியா? உங்கள் முதல் கேள்வி இதுதான். இதற்குக் கிடைக்கும் பதிலில் மாதத்துக்குப் பதினாலாயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில், பத்தரை லட்சம் சிடிசி என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 சதவீதம் வேரியபிள் என்றால் 1,05,000 ரூபாய் தனியாகப் போய்விடும். அது வருடக் கடைசியில் வரலாம், குறைந்தும் வரலாம். கம்பெனி கட்டும் பிஎஃப், 15,000 ரூபாய் வரம்பில் 12 சதவீதம் பிடித்தால், மாதம் 1,800 வீதம் வருடத்துக்கு 21,600. கிராஜுவிட்டி பேசிக்கில் 4.81 சதவீதம். பேசிக் சிடிசியில் பாதி என்றால் சுமார் 25,250. மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு 15,000 காட்டியிருப்பார்கள். எல்லாம் போக 8,83,000 சொச்சம் மிஞ்சும், மாதத்துக்குச் சுமார் 73,600. உங்கள் இப்போதைய 70,000-க்கும் இதற்கும் 3,600 ரூபாய்தான் வித்தியாசம்.

இப்போது அதே பத்தரை ஃபிக்ஸட் என்று வைத்துப் பாருங்கள். மாதம் 87,500. அதன்மேல் வேரியபிள், பிஎஃப், கிராஜுவிட்டி, காப்பீடு எல்லாம் ஏறினால் சிடிசி 12 லட்சத்து 35 ஆயிரம் பக்கம் போகும். அதாவது விளம்பரத்தில் சொன்ன 12-14 லட்சத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது! விளம்பரம் போடுபவர் சிடிசியில் பேசுவார், போனில் பேசுபவர் ஃபிக்ஸடில் பேசுவார். இருவரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். (சதவீதங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இது ஒரு மாதிரிக் கணக்கு.)

இடம் மாறியதற்கு வேறு காரணம் இருக்கும். நான் ஆட்சேர்ப்பில் இருந்தபோது கண்ணால் பார்த்தது இது: ஒரே வேலைப் பெயருக்கு இரண்டு அலுவலகங்களில் ஆள் தேவைப்பட்டால், பழைய விளம்பரத்தையே புதுப்பித்து விடுவார்கள், ஊர் வரியை யாரும் மாற்ற மாட்டார்கள். கன்சல்டன்சி வழியாக வருபவருக்கோ கிளையன்ட் அனுப்பிய தாள் மட்டும்தான் தெரியும், விளம்பரத்தையே பார்த்திருக்க மாட்டார். அதனால் ஜாப் ஐடியைக் கேளுங்கள். விளம்பரத்தில் இருப்பதும் அவர் சொல்வதும் ஒரே எண்ணா என்று பார்த்தால், இது வேறு வேலையா, அதே வேலையின் வேறு இடமா என்று தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. சம்பளம் போடும் கம்பெனி ஒன்று, போய் உட்காரும் கிளையன்ட் அலுவலகம் வேறு என்றால், "யாருடைய பேரோல்?" என்றும் கேட்டே ஆக வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இடம் சின்ன விஷயமில்லை. ஒயிட்ஃபீல்டு என்றால் கே.ஆர். புரத்தில் பர்பிள் லைன் ஏறி ஒரே வண்டியில் போய்விடலாம். எலக்ட்ரானிக் சிட்டி என்றால் மெஜஸ்டிக்கில் கிரீன் லைனுக்கு மாறி, ஆர்.வி. ரோட்டில் மறுபடி யெல்லோ லைனுக்கு மாற வேண்டும். சாலை வழி என்றால் சில்க் போர்டு நெரிசல் இருக்கிறது, அதைப் பற்றிப் பெங்களூருக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாள் ஆபீஸ் என்றால் தாங்கும், ஐந்து நாள் என்றால் தாங்குமா? இந்த எண்ணிக்கையையும் சேர்த்தே கேளுங்கள்.

போனில் கேட்டால் "பார்த்துக்கலாம்" என்று போய்விடும். மெயிலில் கேளுங்கள், ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். பொருள் இப்படி இருக்கட்டும்:

"நேற்று பேசியதற்கு நன்றி. வியாழக்கிழமை ரவுண்டுக்கு வருகிறேன். அதற்கு முன் இரண்டு விவரம் உறுதி செய்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் ஒயிட்ஃபீல்டு, 12-14 லட்சம் என்று இருந்தது (இணைத்திருக்கிறேன்). நீங்கள் எலக்ட்ரானிக் சிட்டி, பத்தரை லட்சம் என்றீர்கள். இரண்டும் ஒரே ஜாப் ஐடியா? பத்தரை என்பது ஃபிக்ஸடா, வேரியபிள் சேர்ந்த சிடிசியா? ஆஃபர் லெட்டரில் எந்த அலுவலகம் குறிக்கப்படும், வாரம் எத்தனை நாள் வர வேண்டும்?"

இதில் குற்றச்சாட்டு இல்லை. "வருகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் ஆர்வம் இல்லை என்றும் யாரும் நினைக்க முடியாது. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்போதே எடுங்கள், திடீரென்று காணாமல் போய்விடும்.

பதிலுக்கு அவர், "உங்கள் எதிர்பார்ப்பு என்ன, சொல்லுங்கள்" என்று பந்தைத் திருப்பலாம். பதில் வராமல் எண் சொல்லாதீர்கள். "பத்தரை எதைக் குறிக்கிறது என்று தெரிந்ததும் சொல்கிறேன்" என்பது போதும். நீங்கள் ஃபிக்ஸடாக நினைத்துச் சொன்ன எண்ணை அவர் வேரியபிள் எல்லாம் சேர்ந்த சிடிசியாகவே எழுதிக்கொள்வார், அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும்.

புதன் மாலை வரை பதில் வரவில்லையா? ஒரு முறை வாட்ஸ்அப்பில் நினைவூட்டுங்கள். அப்புறமும் இல்லை என்றால், முதல் ரவுண்டு ஆன்லைனில் முக்கால் மணி நேரம்தான் என்கிற பட்சத்தில் நான் போகச் சொல்வேன், கடைசி ஐந்து நிமிடத்தில் அங்கேயே கேட்டுவிடலாம். லீவு போட்டு நேரில் போக வேண்டியது என்றால், பதில் வந்த பிறகு வேறு தேதி கேளுங்கள். "கடைசி ரவுண்டில் ஹெச்ஆர் சொல்வார்" என்று ஃபிக்ஸடா சிடிசியா என்பதற்குக்கூட பதில் சொல்ல மறுப்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அது அவருக்குத் தெரியாத விஷயமாக இருக்க முடியாது.

மெயிலில் வந்த பதில் பாதுகாப்புதான், ஒப்பந்தம் அல்ல. ஆஃபர் லெட்டரின் பின்னிணைப்பில் சம்பளப் பிரிப்பு இருக்கும். அங்கே ஃபிக்ஸட் வரியையும் அலுவலக முகவரியையும் மெயிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "இந்தியாவில் எங்கும் மாற்றலாம்" என்ற வரி அநேகமாக எல்லா லெட்டரிலும் இருக்கும். அதை எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டார்கள். ஆனால் சேரும் இடம் என்ற வரியில் மெயிலில் சொன்ன அலுவலகத்தையே எழுதச் சொல்லலாம். அந்த லெட்டர் கையில் வந்து, இந்த இரண்டு வரியும் சரியாக இருந்த பிறகுதான் இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுங்கள்.