−70-ஐ அடித்துவிட்டு 55 எழுதிய மகள்

வணக்கம் அம்மா. மகளின் விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். "வெந்நீரையும் தண்ணீரையும் கலக்கிற கணக்கிலேயே முட்டை வாங்கியிருக்கிறாள், இவளுக்கு எதற்குப் பொறியியல், இயற்பியலை விட்டுவிடச் சொல்லட்டுமா" என்பது உங்கள் கேள்வி. நீங்கள் வட்டமிட்டிருப்பது அவள் கடைசியாக எழுதிய விடையை. நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது அதற்கு மேலே அவள் எழுதி அடித்திருக்கும் நான்கு வரிகளை.

கணக்கு இதுதான்: 80 டிகிரி செல்சியஸில் உள்ள 200 கிராம் வெந்நீரை 30 டிகிரியில் உள்ள 300 கிராம் தண்ணீரோடு கலந்தால் கடைசி வெப்பநிலை என்ன? வெளியே வெப்பம் போகவில்லை, பாத்திரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று வினாவிலேயே சொல்லிவிட்டார்கள். மகள் எழுதிய விடை 55. சரியான விடை 50.

55 எங்கிருந்து வந்தது என்பது எளிது. 80-ஐயும் 30-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு தண்ணீர் இருந்தால் அது சரியாகவே வந்திருக்கும். இங்கே குளிர்ந்த நீர் அதிகம். அதனால் விடை நடுவில் நிற்காமல் 30 பக்கமாகச் சாய வேண்டும். எவ்வளவு சாயும் என்பதுதான் கணக்கு.

வெந்நீர் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறதோ அவ்வளவையும் குளிர்ந்த நீர் வாங்கிக்கொள்கிறது. ஒரு பொருள் இழக்கும் அல்லது பெறும் வெப்பம் என்பது நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை மாற்றம் ஆகிய மூன்றின் பெருக்கல். தன்வெப்ப ஏற்புத்திறன் என்பது அந்தப் பொருளின் ஓர் அலகு நிறையை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம். இரண்டு பக்கமும் தண்ணீரே என்பதால் தன்வெப்ப ஏற்புத்திறன் இருபுறமும் ஒன்றுதான், அடிபட்டுப் போய்விடும். தண்ணீருக்குப் பாடப்புத்தகம் தரும் 4200 என்ற எண்ணை எழுதாமலே கணக்கை முடித்துவிடலாம். நிறையைக்கூட கிலோவுக்கு மாற்ற வேண்டாம், இருபுறமும் கிராமிலேயே இருந்தால் போதும். கடைசி வெப்பநிலையை T என்று வைத்துக்கொண்டால்:

200 × (80 − T) = 300 × (T − 30)

16000 − 200T = 300T − 9000. அதாவது 500T = 25000, T = 50. வெந்நீர் 30 டிகிரி இறங்கியது, குளிர்ந்த நீர் 20 டிகிரி ஏறியது. ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி மாற ஒரு கலோரி என்பதால், 200 × 30 = 6000 கலோரி, 300 × 20 = 6000 கலோரி. கொடுத்ததும் வாங்கியதும் சரியாக இருக்கிறது. இந்தக் கடைசிச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் அதைச் செய்வதில்லை.

சரி, இப்போது அந்த அடித்த வரிகளுக்கு வருகிறேன். மகள் முதலில் எழுதியது இது:

200 × (T − 80) = 300 × (T − 30)

அடைப்புக்குறிக்குள் பாருங்கள். இரண்டு பக்கமும் 'கடைசி வெப்பநிலை கழித்தல் தொடக்க வெப்பநிலை' என்று ஒரே மாதிரி எழுதிவிட்டாள். இப்படி எழுதினால் இரண்டு நீரும் வெப்பத்தைப் பெறுகின்றன, இல்லையென்றால் இரண்டும் இழக்கின்றன என்று அர்த்தமாகிவிடுகிறது. வெந்நீர் இழப்பதால் அந்தப் பக்கம் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். இந்த ஒரு பிழையைத் தவிர மற்ற வரிகளில் இயற்கணிதம் சுத்தமாக இருக்கிறது. 200T − 16000 = 300T − 9000, அதிலிருந்து T = −70.

அங்கேதான் அவள் பேனாவை வைத்து நான்கு வரியையும் அடித்திருக்கிறாள். ஏன் அடித்தாள்? 80-ம் 30-ம் கலந்தால் −70 வரவே முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கலவையின் வெப்பநிலை எப்போதும் அந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கும். யாரும் சொல்லாமலே தன் விடையைத் தானே சந்தேகப்பட்டிருக்கிறாள். தவறு எந்த வரியில் என்று தேட நேரமோ பொறுமையோ இல்லாமல், இடையில் விழக்கூடிய ஓர் எண்ணாக 55-ஐப் போட்டுவிட்டாள். தப்புதான், மதிப்பெண் போனதும் நியாயம்தான். ஆனால் −70-ஐ அப்படியே கோடிட்டுக் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இயற்பியல் ஒட்டவில்லையோ என்று யோசிக்க வேண்டிய இடம் அதுதான். உங்கள் மகள் அந்த வகையில் சேரமாட்டாள். இந்தப் பக்கத்தை வைத்துப் பாடத்தை மாற்றச் சொல்ல மாட்டேன்.

அவள் பழக வேண்டியது சிறிய விஷயம். சமன்பாட்டை எழுதும் முன்பே எது இழக்கிறது, எது பெறுகிறது என்று இரண்டு சொற்களில் குறித்துவிட வேண்டும். விடை எந்தப் பக்கம் சாயும் என்றும் ஊகித்துவிட வேண்டும். இந்தக் கணக்கில் நிறைகள் 2-க்கு 3 என்ற விகிதத்தில் இருக்கின்றன, வெப்பநிலை மாற்றங்கள் தலைகீழாக 3-க்கு 2 ஆகும். இடைவெளி 50 டிகிரி, அதை 30, 20 என்று பிரித்தால் சமன்பாடே இல்லாமல் விடை வந்துவிடும். சீசா பலகையில் கனமானவர் நடுத்தாங்கிக்கு அருகில் உட்கார்ந்தால் சமநிலை வருவது போலத்தான் இதுவும். அப்புறம் இன்னொன்று, சிலர் கெல்வினுக்கு மாற்றுகிறேன் என்று வெப்பநிலை வித்தியாசத்தோடு 273-ஐக் கூட்டிவிடுவார்கள். வித்தியாசம் இரண்டு அளவிலும் ஒன்றுதான், கூட்டக் கூடாது.

ஆய்வகத்தில் இதையே செய்து பார்த்தால் 50-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். குளிர்ந்த நீர் இருந்த பாத்திரமும் வெப்பத்தில் பங்கு கேட்கும். 100 கிராம் செம்புப் பாத்திரம் என்றால், அது ஏறக்குறைய 9 கிராம் தண்ணீருக்குச் சமம். 300-க்குப் பதில் 309 என்று போட்டால் விடை 49.6 ஆகிறது. காற்றுக்குப் போகும் வெப்பம் அதையும் இன்னும் சற்றுக் குறைக்கும். அளந்தது 52 என்று வந்தால்தான் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

முடிவு எடுக்கும் முன் மகளிடம் ஒரே ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 60 டிகிரியில் உள்ள 100 கிராம் நீரில், 0 டிகிரியில் உள்ள 100 கிராம் பனிக்கட்டியைப் போட்டால் கடைசி வெப்பநிலை என்ன? ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். சமன்பாட்டை எந்தக் குறிப் பிழையும் இல்லாமல் போட்டாலும் −10 என்று வரும். இந்த முறை பிழை அடைப்புக்குறிக்குள் இல்லை. பனிக்கட்டி முழுவதும் உருகிவிடும் என்று நாமே வைத்துக்கொண்டதுதான் பிழை. நீர் 0 டிகிரிக்கு இறங்கினால் 6000 கலோரிதான் தரும், பனிக்கட்டி முழுவதும் உருக 8000 வேண்டும். 75 கிராம் உருகும், 25 கிராம் பனிக்கட்டியாகவே மிதக்கும், கலவை 0 டிகிரியிலேயே நின்றுவிடும்.

விடையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். −10 வந்ததும் அவள் என்ன செய்கிறாள் என்றுதான் எனக்குப் பார்க்க வேண்டும். பேனாவில் எழுதச் சொல்லுங்கள், அடித்தது எதையும் மறைக்க வேண்டாம், அந்தப் பக்கத்தை அப்படியே அனுப்புங்கள்.