60 மீட்டரிலிருந்து வந்தால் வீங்கும் மீனும் 8,000 மீட்டரில் நசுங்காத மீனும்

வாசகர் கேள்வி: டர்பனிலிருந்து படகில் போய் 60 மீட்டர் ஆழத்தில் ஸ்லிங்கர் பிடிக்கிறோம். மேலே வந்ததும் வாய்வழியாக ஒரு பை பிதுங்கிவிடுகிறது. சின்ன மீனைத் திரும்ப விட்டால் முங்காமல் மிதக்கிறது. பையைக் குத்திவிடலாமா? இதற்கே இப்படியென்றால், ஆழ்கடல் மீன் எப்படி நசுங்காமல் இருக்கிறது?

குத்தாதீர்கள். வெளியே தெரிவது மீனின் இரைப்பை. வீங்கியது அதற்குப் பின்னால் இருக்கும் காற்றுப்பை, அதுதான் இரைப்பையை வெளியே தள்ளுகிறது. 60 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல 7 மடங்கு. அங்கே ஒரு பங்காக இருந்த காற்று மேலே வரும்போது 7 பங்காகிறது. அதிலும் கடைசி 10 மீட்டரில் மட்டும் அப்படியே இரட்டிப்பாகும். ஸ்லிங்கரால் ஏப்பம் விட்டு அந்தக் காற்றை வெளியேற்ற முடியாது. ரத்தம் அதை மெதுவாகத்தான் உறிஞ்சும். கனமான ஈயத்தில் முள்ளை ராவிய தூண்டிலைக் கட்டி, மீனின் கீழ்த்தாடையில் மாட்டி, அடிவரை இறக்கி, கயிற்றை ஒரு சுண்டு சுண்டி மீனை விடுங்கள். இறங்க இறங்கக் காற்று தானாகவே சுருங்கிவிடும்.

ஆழ்கடல் மீனுக்கு வருவோம். அழுத்தத்துக்குச் சுருங்குவது காற்று. தண்ணீர் அப்படிச் சுருங்காது. 4,000 மீட்டரில் 400 மடங்கு அழுத்தம் இருந்தும் கடல்நீர் சுருங்குவது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. நத்தைமீன்போல உடம்பெல்லாம் நீரும் கொழகொழப்பான தசையுமாக இருந்தால், உள்ளே வெளியே ஒரே அழுத்தம்தான். நசுங்க அங்கே எதுவும் இல்லை. உங்கள் கரையோரத்து சீலக்காந்தும் இதற்கு உதாரணம்: 2000இல் சோட்வானா விரிகுடாவில் முக்குளிப்பவர்கள் நூற்றுச் சொச்சம் மீட்டரில் பார்த்த அந்த மீனின் பையில் காற்றுக்குப் பதில் கொழுப்புதான் நிறைந்திருக்கிறது. ஆனால் ஆழ்கடல் மீன்கள் எல்லாமே இப்படி இல்லை. எலிவால் மீன்களுக்குக் காற்றுப்பை உண்டு, மேலே இழுத்தால் உங்கள் ஸ்லிங்கரைப்போலவே பிதுங்கும்.

காற்று இல்லாவிட்டாலும் ஒரு தொல்லை பாக்கி: அந்த அழுத்தம் புரதங்களின் மடிப்பைக் கலைத்துவிடும். அதைத் தடுக்க இந்த மீன்கள் ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருளை உடம்பில் சேர்த்துவைக்கின்றன. (பழைய மீன் நாறுவது இது சிதைவதால்தான்.) ஆழம் கூடக்கூட இதன் அளவும் கூடுகிறது. சுமார் 8,200 மீட்டருக்குக் கீழே இன்னும் சேர்த்தால், உடம்பின் திரவம் கடல்நீரைவிடச் செறிவாகி வெளித்தண்ணீரை உள்ளே இழுக்க ஆரம்பித்துவிடும். ஏறக்குறைய அந்த எல்லையில்தான் 2022இல் ஜப்பான் அருகே படமான நத்தைமீனும் இருந்தது, 8,336 மீட்டரில். அதைவிட ஆழத்தில் இதுவரை எந்த மீனும் படமாகவில்லை.

ஆழத்தில் அழுத்தம் மட்டுமல்ல, இருட்டும் உண்டு: 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சமே கிடையாது. இருப்பதெல்லாம் உயிரினங்கள் தாமே விடும் வெளிச்சம், பெரும்பாலும் நீலம். சில மீன்கள் அந்த மினுக்கலைப் பிடிக்கவே பெரிய கண் வைத்திருக்கின்றன. நத்தைமீனின் கண்ணோ சின்னது. தலையில் இருக்கும் உணர்துளைகளால் நீரின் அசைவை அறிந்து, இறால்போன்ற சிறு உயிர்களை உறிஞ்சித் தின்கிறது.