பெப்பரோமியாவுக்கு இலைதான் தண்ணீர்த் தொட்டி

கேள்வி: சுருக்கம் சுருக்கமான இலை கொண்ட பெப்பரோமியா வாங்கினேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் இலைகள் துவண்டு தொங்குகின்றன. இன்னும் அதிகமாக ஊற்ற வேண்டுமா?

வேண்டாம், உடனே நிறுத்துங்கள். சுருக்கம் இதற்குப் பிறவிக் குணம். பெப்பரோமியா கேப்பரட்டா என்ற பெயரில் உள்ள 'கேப்பரட்டா' என்பதற்கே சுருங்கியது என்றுதான் பொருள். கவலைப்பட வேண்டியது துவளுதலைப் பற்றித்தான்.

பிரேசில் காடுகளைச் சேர்ந்த இச்செடி மிளகு, வெற்றிலையின் குடும்பம். எலிவால் போல நீளும் அதன் பூந்தண்டைப் பார்த்தாலே உறவு புரியும். ஆனால் வெற்றிலைக் கொடியைப் போல எப்போதும் ஈரம் கேட்காது. இலையின் மேல்தோலுக்கு அடியில் பச்சையமில்லாத செல்கள் அடுக்கடுக்காக நீரைச் சேர்த்து வைத்திருக்கின்றன. மண் காயும்போது அவை துருத்தி போலச் சுருங்கி, கீழிருக்கும் பச்சைத் திசுவுக்கு நீரைக் கொடுக்கின்றன. அதனால் தாகம் எடுத்த இலை முதலில் மெலிந்து மென்மையாகும். வேர்களோ மெல்லியவை, ஆழம் போகாதவை. காற்றில்லாத ஈரத்தில் விரைவில் அழுகிவிடும்.

வேர் அழுகினால் மண்ணில் நீர் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது. இலை தன் சேமிப்பைச் செலவழித்துத் துவளும். பார்ப்பதற்குத் தாகம் போலவே இருக்கும். அதைக் கண்டு மேலும் ஊற்றுவோம். என் முதல் செடியை அப்படித்தான் இழந்தேன். தொட்டியைத் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இலை மென்மை, தொட்டி லேசு என்றால் தாகம். இலை மென்மை, தொட்டி கனம் என்றால் அழுகல்.

இப்போது என்னிடம் உள்ள செடி 10 செ.மீ. பிளாஸ்டிக் தொட்டியில், தென்னை நார்த்தூளும் பெர்லைட் என்னும் லேசான வெள்ளைக் கல்துகளும் சரிபாதி கலந்த கலவையில் வளர்கிறது. நீர் ஊற்றி வடிந்ததும் சமையலறைத் தராசில் சுமார் 340 கிராம். 210 கிராமுக்கு இறங்கும்போது அடியிலுள்ள முதிர்ந்த இலையை இரு விரல்களுக்கிடையே மெதுவாக அழுத்திப் பார்ப்பேன். விறைப்பாக இருந்தால் இன்னும் பொறுப்பேன்; லேசாக நெகிழ்ந்தால்தான் தண்ணீர். மே மாதத்தில் ஆறேழு நாளுக்கு ஒருமுறை அந்த நிலை வரும். கார்த்திகை மழையில் இரண்டு வாரமும் ஆகும். ஆகவே நாள் கணக்கு வைக்காதீர்கள்.

மேலிருந்து ஊற்றினால் நெருங்கிய காம்புகளின் நடுவிலும் இலைப் பள்ளங்களிலும் நீர் தேங்கும். தட்டில் நீர் விட்டுத் தொட்டியை இருபது நிமிடம் வைத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

உங்கள் செடியை இன்றே தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். பழுப்பாகக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டு, புதிய கலவையில், வேர் அளவுக்கே பொருந்தும் சிறு தொட்டியில் நடுங்கள். காம்பின் அடி கறுத்துக் குழைந்திருந்தால் செடி பிழைப்பது கடினம். அப்போது நல்ல இலைகளைக் காம்போடு நறுக்கி, ஈரமான பெர்லைட்டில் காம்பு மட்டும் புதையும்படி செருகி வையுங்கள். சில வாரங்களில் வேர் விட்டு, பிறகு காம்படியில் குட்டிச் செடி எட்டிப் பார்க்கும்.